401(கே)-யில் கடன்: நண்பர் போட்ட 8,000 டாலர் கணக்கு

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். வயது 38, எச்-1பி விசா. 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 90,000 டாலர் இருக்கிறது. ஊரில் பாதியில் நிற்கும் வீட்டை முடிக்க 20,000 டாலர் தேவை. 401(கே)-யிலிருந்தே 8.5% வட்டியில் ஐந்து வருடக் கடன் கிடைக்கும், வட்டியும் என் கணக்குக்கே வரும் என்கிறார்கள். நண்பரோ, "அந்தப் பணம் 10% வளர்ந்தால் 12,900 டாலர் கிடைக்குமே. நீ கட்டப்போகும் வட்டி 4,600தானே? 8,000 நஷ்டம்" என்கிறார். வங்கியில் கேட்டால் 12% சொல்கிறார்கள். எதில் வாங்கலாம்?

பதில்: உங்கள் நண்பரின் பெருக்கல் சரிதான், ஒப்பிட்ட விதம்தான் தவறு. 20,000 டாலரும் ஐந்து வருடம் முழுக்க வெளியிலேயே கிடக்கும் என்று வைத்து வளர்ச்சியைக் கணக்குப் போட்டிருக்கிறார். வட்டியை மட்டும், மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குப் போட்டிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இடைவெளி பெரிதாகத்தான் தெரியும்.

நடப்பது வேறு. உங்கள் தவணை மாதம் சுமார் 410 டாலர், சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். முதல் தவணையில் 142 டாலர் வட்டி, மீதி 268 அசல். இரண்டும் உங்கள் 401(கே)-க்குள் போய், நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் ஃபண்டுகளில் மறுபடி முதலீடாகி வளரத் தொடங்கிவிடும். இரண்டு வருடம் முடிவதற்குள் 7,000 டாலர் அசல் திரும்பியிருக்கும். அந்தப் பணம் சம்பாதிப்பதை நண்பர் கணக்கில் சேர்க்கவில்லை. எக்செல்லில் இரண்டே வரியில் இதைச் சரிபார்க்கலாம்:

```
=FV(10%/12,60,0,-20000)
=FV(10%/12,60,-410.33)
```

முதல் வரி கடனே வாங்காமல் விட்டால் ஐந்து வருட முடிவில் இருக்கும் தொகை: 32,906 டாலர். இரண்டாவது, தவணைகள் திரும்பி வந்து அதே 10% வளர்ந்தால் இருக்கும் தொகை: சுமார் 31,775. வித்தியாசம் 1,130 டாலர் அளவில்தான். நண்பர் சொன்ன 8,000 எங்கே, இது எங்கே!

அந்த 10%-ஐ மாற்றிப் பாருங்கள். 8.5% என்று போட்டால் இரண்டு தொகையும் சமமாகும். சந்தை படுத்து 4%தான் கிடைத்தது என்றால், கடன் வாங்கிய கணக்கில் 27,200, வாங்காததில் 24,400. அதாவது கடன் வாங்கியதால் 2,800 டாலர் கூடுதல்! இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கூடுதல் வானத்திலிருந்து விழவில்லை, உங்கள் சட்டைப்பையிலிருந்து போனது. உங்களுக்கே கட்டும் வட்டி வருமானமும் இல்லை, செலவும் இல்லை, இடம் மாறிய பணம். ஆகவே 8.5% என்ற எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது.

முடிவைத் தீர்மானிப்பது வங்கி சொன்ன 12%தான். வங்கியில் வாங்கினால் தவணை மாதம் 445 டாலர், 401(கே) தவணையைவிட 35 டாலர் அதிகம். 401(கே)-யில் கடன் வாங்கி, மிச்சமாகும் அந்த 35 டாலரையும் எங்காவது 10% வளர்ச்சியில் போட்டு வந்தால், ஐந்து வருட முடிவில் மொத்தம் 34,450 இருக்கும். வங்கியில் வாங்கி 401(கே)-யைத் தொடாமல் விட்டால் 32,906. 401(கே) கடனில்தான் சுமார் 1,500 டாலர் கூடுதல். உங்கள் ஃபண்டுகள் வருடத்துக்கு 12%-க்கு மேல் வளர்ந்தால்தான் வங்கிக் கடன் ஜெயிக்கும். அப்படியும் நடக்கும். 2023, 2024 இரண்டு வருடமும் எஸ் அண்ட் பி 500 குறியீடு டிவிடெண்டோடு சேர்த்து 25 சதவீதத்தை ஒட்டி ஏறியது. 2022-இல் 18% இறங்கியது. ஐந்து வருடத்துக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிச்சயமாகக் கட்டவேண்டிய 12%-ஐத் தவிர்ப்பது மேல் என்பது என் கருத்து.

"இரட்டை வரி" என்று ஒரு பயம் காட்டுவார்கள். அசலுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் 20,000 டாலரை வரி கட்டாமல்தானே கையில் வாங்கினீர்கள். வட்டியாகப் போட்ட 4,600-க்குத்தான் ஓய்வுக்காலத்தில் எடுக்கும்போது இன்னொரு முறை வரி வரும். 22% என்றால் 1,000 டாலர் சொச்சம், அதுவும் பல வருடம் கழித்து.

உண்மையான இழப்பு வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. தவணை பிடித்தம் ஆரம்பித்ததும் கைக்கு வரும் சம்பளம் குறையும். உடனே பலர் 401(கே)-க்குப் போடும் பங்களிப்பை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் பங்களித்தால் ஒரு லட்சம் டாலர் சம்பளத்துக்கு நிறுவனமும் தன் பங்காக 4% மேட்ச் போடுகிறது என்றால் வருடம் 4,000 டாலர் அப்படியே போச்சு. ஐந்து வருடத்தில் 20,000, கிட்டத்தட்ட நீங்கள் வாங்கிய கடனே! 410 டாலர் தவணையையும் மேட்ச் கிடைக்குமளவு பங்களிப்பையும் சேர்த்துச் சமாளிக்க முடியாது என்றால், இந்தக் கடன் வேண்டாம்.

இரண்டாவது, வேலை. எச்-1பியில் இருப்பதால் உங்களுக்கு இது முக்கியம். இரண்டு வருடம் கழித்து லேஆஃப் என்று வையுங்கள், பாக்கி 13,000 டாலர் இருக்கும். பல நிறுவனத் திட்டங்கள் அந்தப் பாக்கியை உங்கள் கணக்கிலேயே கழித்து, நீங்கள் பணம் எடுத்துவிட்டதாகக் காட்டும். அப்படியானால் 22% வரி, 59½ வயது ஆகாததால் 10% அபராதம், ஆக 4,160 டாலர். நியூஜெர்சி வரி தனி. தப்பிக்க வழி உண்டு: 2017 வரிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த வருடத்துக்கான வரித் தாக்கல் கடைசித் தேதிக்குள், நீட்டிப்பு வாங்கினால் அக்டோபர் 15 வரை, அதே அளவு பணத்தை ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் போட்டுவிட்டால் வரியும் இல்லை, அபராதமும் இல்லை. ஆனால் எச்-1பி தரும் 60 நாள் கெடுவுக்குள் அடுத்த வேலை தேடி அலையும்போது 13,000 டாலரை எங்கே புரட்டுவது? அதனால் கடனாக வாங்கும் தொகையில் பாதியாவது கையிருப்பாகத் தனியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 20,000-க்குப் பதில் 10,000 மட்டும் 401(கே)-யில் வாங்கி, மீதியை வங்கியில் வாங்குவேன்.

விண்ணப்பிக்கும் முன் திட்ட நிர்வாகியிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வேலையை விட்டபிறகும் வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தொடர விடுகிறார்களா? விட்டால் மேலே சொன்ன ஆபத்து பெருமளவு குறையும். கடன் கட்டணம் எவ்வளவு? பணத்தை எந்த ஃபண்டிலிருந்து எடுப்பார்கள்? கணக்கில் பாண்ட் ஃபண்டோ ஸ்டேபிள் வேல்யூ ஃபண்டோ இருந்து, அதிலிருந்து எடுக்க விட்டால் நல்லது. வருடம் 4% கொடுக்கும் பணத்தை எடுத்து 12% வட்டியைத் தவிர்க்கிறீர்கள், பங்குகள் அப்படியே இருக்கும். இன்னொன்று, வீட்டுக்கடன் என்று சொல்லி ஐந்து வருடத்துக்கு மேல் தவணை கேட்டுப் பார்க்காதீர்கள். அந்தச் சலுகை நீங்கள் குடியிருக்கப்போகும் முதன்மை வீட்டை வாங்கத்தான், ஊரில் கட்டும் வீட்டுக்குக் கிடைக்காது.