விலை குறைந்தபின் பழைய பில்லுக்கு கிரெடிட் நோட்

"பில் போட்டுச் சரக்கு வந்தபின் சப்ளையர் லிஸ்ட் விலையைக் குறைத்துவிட்டார். கிரெடிட் நோட் கேட்கலாமா?"

கேட்கலாம். முன்பே பேசி வைக்காவிட்டால் அது உரிமை இல்லை, பேரம்தான். விற்றுப்போனதை விட்டுவிட்டு இருப்புக்கு மட்டும் கேளுங்கள்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் என் கடைக்கு 40 ரவுட்டர், வரி நீங்கலாக 2,000 ரூபாய் வீதம் வாங்கினேன். விலை 1,850 ஆனது. அன்று மாலையே, விற்காமல் இருந்த 26 பெட்டிகளின் சீரியல் நம்பரை பில் எண்ணோடு மெயிலில் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து எண்ணிச் சொன்னால் யார் நம்புவார்?

150 ரூபாய் வீதம் 3,900க்கு நோட் வந்தது, ஜிஎஸ்டி சேர்க்காமல். அதனால், ஏற்கெனவே எடுத்த இன்புட் கிரெடிட்டில் கை வைக்கவில்லை. 18 சதவீத வரியோடு போட்டிருந்தால், கூடுதலாக வரும் 702 ரூபாயை இன்புட் கிரெடிட்டில் திருப்பியிருக்க வேண்டும்.