நாலு மாதமா, ஏழு மாதமா?

அன்புள்ள சார்,

பெங்களூரு பீன்யாவில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டிஸ்பாட்ச் மேனேஜராக இருக்கிறேன். இங்குள்ள இரண்டு வாடகை குடோன்களையும் விட்டுவிட்டு நகருக்கு வெளியே நெலமங்கலாவில் ஒரே குடோனுக்குப் போகலாம் என்று எம்.டி.க்கு மூன்று பக்கம் எழுதினேன். ஏழு காரணங்கள் சொல்லியிருந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, "சரி, இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார். எங்கே தவறினேன்? நோட்டை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நோட்டில் எம்.டி.க்கு வேண்டிய வாக்கியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அதை மேலே கொண்டுவாருங்கள்: "இரண்டு குடோன்களையும் ஜூலை 31-க்குள் காலி செய்து நெலமங்கலாவுக்கு மாற உங்கள் ஒப்புதல் வேண்டும். ஒருமுறைச் செலவு 14 லட்சம். மாதம் இவ்வளவு மிச்சமாகும்." என்ன செய்ய வேண்டும், எதற்குள், எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்ற நான்கும் அதில் வந்துவிடுகின்றன. பழைய குடோனின் வரலாறு அவருக்குத் தெரிந்ததுதான், அதை எடுத்துவிடலாம். அந்த குடோனைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான் என்றால் மட்டும், நோட்டைக் கொடுப்பதற்கு முன் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அப்போதும் தாளில் பதில்தான் முதலில் வர வேண்டும்.

முதல் வரியைப் படித்ததும் அவர் மனதில் "ஏன்?" என்ற கேள்வி எழும். அதற்கு ஏழு காரணங்களை வரிசையாக அடுக்கினால், எதோடு எது சேரும் என்று பார்க்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. உங்கள் ஏழும் உண்மையில் இரண்டு குழுக்கள்தான். மாதச் செலவு குறையும் என்பது ஒன்று. சரியான சரக்கு, நனையாமல், சொன்ன நாளில் போய்ச் சேரும் என்பது இன்னொன்று. தலைப்பையும் அப்படி முழு வாக்கியமாகவே எழுதுங்கள். "செலவு" என்று மட்டும் எழுதினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது.

உங்கள் நோட்டை உண்மையில் கெடுத்தது வேறு ஒன்று. வாடகையில் 1.4 லட்சம், ஒரு சூப்பர்வைசர் குறைவதால் 60,000, லாரி காத்திருப்புக் கூலியில் 40,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் நான்காவதாக, "ஆள், போக்குவரத்துச் செலவு 1 லட்சம் குறையும்" என்று ஒரு வரி. அந்த 60-ஐயும் 40-ஐயும் கூட்டிப் பாருங்கள். அதே ஒரு லட்சம்தான் வேறு பெயரில் மறுபடி வந்திருக்கிறது. அதனால் 2.4 லட்சம் 3.4 லட்சமாகி, போட்ட பணம் நாலு மாதத்தில் திரும்பிவிடும் என்று காட்டுகிறது. உண்மையில் ஆறு மாதம் ஆகும். உங்கள் அக்கவுண்ட்ஸ் ஆள் இதை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். அதன் பிறகு சரியாக எழுதிய வாடகைக் கணக்கைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

பார்பரா மின்டோ மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனத்தில் ஆலோசகர்களின் எழுத்தைச் சீர்செய்தபோது வற்புறுத்தியது இதைத்தான்: குழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, சேர்த்துப் பார்த்தால் எதுவும் விடுபடவும் கூடாது. நான் இதைச் சோதிக்கத் துண்டுச்சீட்டுகளை வைத்துக்கொள்வேன். ஒரு சீட்டுக்கு ஒரு காரணம். குழுத் தலைப்புகளை மேசைமேல் வைத்துவிட்டு, விஷயம் தெரியாத ஒருவரிடம் சீட்டுகளைப் பிரிக்கச் சொல்வேன். ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இங்கேயா அங்கேயா என்று தயங்கினால், தலைப்பைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் நோட்டில் தாமதத்துக்கு வாடிக்கையாளர் பிடிக்கும் அபராதம் அப்படித் தயங்க வைக்கும் சீட்டு. அதைத் தொகையாகச் சொல்வதானால் செலவுக் குழுவில் மட்டும் வையுங்கள். டெலிவரிக் குழுவில் எத்தனை நாள் தாமதம் குறைகிறது என்பது மட்டும் இருக்கட்டும்.

விடுபட்டதும் ஒன்று இருக்கிறது. சரக்கு ஏற்றி இறக்கும் உங்கள் ஆட்கள் பீன்யாவிலேயே குடியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் அவர்கள் நெலமங்கலாவுக்கு எப்படிப் போவார்கள்? எம்.டி. நிச்சயம் இதைக் கேட்பார். வேனுக்கு மாதம் 40,000 ஆகிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 2 லட்சமாகிவிடும், பணம் திரும்ப ஏழு மாதம் ஆகும். அப்போதும் மாறுவது லாபம்தான் என்றே எனக்குப் படுகிறது. இந்த வாரமே வேன்காரரிடம் விலை கேட்டுவிட்டு, அதைக் கழித்து வரும் மாத மிச்சத்தை முதல் வரியில் போடுங்கள்.