ஆம்பளப் பிள்ளைக்கு நடந்தது

கேள்வி: என் கூட்டாளி ஒருத்தன், திருநெல்வேலி பக்கம்தான். 9 வயசுல சொந்தக்காரர் ஒருத்தர் அவன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டதை 27 வருஷம் கழிச்சு இப்பத்தான் சொன்னான். ஆண்கள் ஏன் இவ்வளவு காலம் வாயே திறக்கிறதில்ல? இதுலேர்ந்து மீள எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

பதில்:

குடும்ப மானம், யாரும் நம்ப மாட்டார்கள் என்ற பயம், இவையெல்லாம் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆண்கள் கடைசிவரை வெளியே விடாத காரணம் பெரும்பாலும் இன்னொன்று. அந்த நேரத்தில் தன் உடம்பு எதிர்வினை காட்டிவிட்டது என்பது. உங்கள் நண்பர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நீங்களும் கேட்க வேண்டாம். ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டால் உடம்பு எதிர்வினை காட்டுவது தண்டுவடத்தின் மட்டத்திலேயே நடந்துவிடும் அனிச்சைச் செயல். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும். பயத்தில்கூட நடக்கும். கிச்சுகிச்சு மூட்டினால் சிறு பிள்ளை மூச்சுத் திணறத் திணறச் சிரிக்கும், “விடு, விடு” என்று கெஞ்சிக்கொண்டேதான் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்து, பிள்ளைக்கு அது பிடித்திருக்கிறது என்று நாம் சொல்வோமா? ஒன்பது வயதுப் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்த பெரியவரோ அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார். “ஒனக்கும் புடிச்சிருக்குல்லாலே?” என்ற ஒரு கேள்வி போதும். அடுத்த முப்பது வருஷத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. “நான் கத்தியிருக்கலாமே, ஓடியிருக்கலாமே” என்ற உறுத்தலும் இதன் கூடப்பிறந்ததுதான். தப்பிக்க வழியில்லாத பயத்தில் உடம்பு விறைத்து, குரல் அடைத்துப்போவதும் அவன் கையில் இல்லாத ஒன்று.

அடுத்தது பழக்கிய விதம். இதைச் செய்பவர் அநேகமாக இருட்டுச் சந்தில் பிடித்து இழுக்கும் அந்நியர் இல்லை. முதலில் பையனுக்கு வேண்டியவராக ஆகிறார். குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார், பரோட்டா வாங்கித் தருவார், மற்றவர்கள் தொட விடாத பைக்கில் முன்னால் உட்கார வைப்பார். வீட்டில் நல்ல பெயர் வாங்குவார். பிறகு ஒரு சின்ன ரகசியம்: சினிமாவுக்குப் போனதை அம்மாவிடம் சொல்லக்கூடாது. அந்த ரகசியத்தைப் பையன் காப்பாற்றுகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. அதனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால், சினிமா போனது, பரோட்டா தின்றது, மறுபடியும் தானாகவே கிளம்பிப் போனது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. “நானேதானே போனேன்” என்ற இடத்தில் வாய் மூடிக்கொள்கிறது.

சொல்வதற்கு வார்த்தையும் இல்லை. பெண்பிள்ளைக்கு நடந்தால் அது கொடுமை என்றாவது ஊருக்குத் தெரியும். பையனுக்கு நடந்தால் சிரிப்பாகவோ “ஒம்போது” என்ற ஏச்சாகவோதான் திரும்பி வரும். செய்தது ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம், அதை “கொடுத்து வச்சவன்டே” என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும், மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொந்தரவைச் சந்தித்ததாகச் சொன்ன பிள்ளைகளில் ஏறத்தாழ 53 சதவீதம் ஆண்பிள்ளைகள். பாதிக்கு மேல்.

இன்னொரு பயமும் உண்டு: இப்படி நடந்தவன் பின்னாளில் இதையே செய்வான் என்ற பேச்சு. இந்தக் கொடுமைக்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் எதுவும் செய்வதில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டே தன் மகனைக் குளிப்பாட்டப் பயப்படும் அப்பாக்கள் இருக்கிறார்கள்.

பூட்டு எப்போது திறக்கிறது என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மகனோ மருமகனோ, தனக்கு நடந்த அதே வயதைத் தொடும்போது. அல்லது செய்தவர் செத்துப்போகும்போது. அல்லது ஊர்க் கொடைக்குப் போய், அதே ஆள் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பதைப் பார்க்கும்போது. தூக்கம் கெடும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், முடிவெட்டுகிறவர் பிடரியைத் தொட்டால் உடம்பு தூக்கிப்போடும், மனைவி பக்கத்தில் வந்தால் விலகத் தோன்றும், குவார்ட்டர் ஆஃப் ஆகும். உங்கள் நண்பர் ஏன் இப்போது சொன்னார் என்று யோசித்தால் இவற்றில் ஒன்று அகப்படலாம்.

இனி ஆரம்பத்துக்கு வருகிறேன். பலர் சறுக்குவது இங்கேதான். தைரியம் வந்துவிட்டதே என்று ஒரே ராத்திரியில், அதுவும் குடித்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை கொட்டிவிடுவார்கள். மறுநாள் அத்தனையும் கண்முன் ஓடும். சொன்னதே தப்பு என்று முன்பைவிட இறுக்கமாக மூடிக்கொள்வார்கள். முதல் முறைக்கு ஒரு வாக்கியம் போதும்: “சின்ன வயசுல ஒருத்தர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாரு. இப்ப அது என்னத் தொந்தரவு பண்ணுது.” விவரம் வேண்டாம், பெயரும் வேண்டாம். கேட்கிறவர் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது. “நம்புதேன். ஒம்மேல தப்பில்ல” என்று சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பது. “ஏம்ல அப்பவே சொல்லல?” என்ற கேள்வி நல்ல மனதோடு கேட்டாலும் குற்றப்பத்திரிகையாகத்தான் காதில் விழும். “யாரு அவன், இப்பவே வாரேன்” என்று அரிவாளைத் தேடுவதும் உதவாது. பேச்சு அவரை விட்டுவிட்டு உங்கள் கோபத்தின் பக்கம் திரும்பிவிடும், அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டி வரும்.

அடுத்தது, பழைய நினைவு அலைபோல வரும்போது உடம்பை இன்றைக்குக் கொண்டுவரப் பழகுவது. இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லி எண்ண வேண்டும், பிறகு தொட்டு உணரும் நான்கு, காதில் விழும் மூன்று, மூக்கில் படும் இரண்டு, நாக்கில் உணரும் ஒன்று. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்ட வேண்டும். இழுக்கும்போது நாலு வரை எண்ணினால் விடும்போது ஆறு. கடைசியில் தேதி, தன் வயது, நிற்கும் இடம், மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதை நல்லபடியாக இருக்கும்போதே தினம் இரண்டு முறை செய்து பழகாவிட்டால் வேண்டிய நேரத்தில் கைகொடுக்காது. குடியும் இந்தக் கட்டத்திலேயே குறைய வேண்டும். குடித்தால் தூக்கம் வரும்தான், ஆனால் பின்னிரவில் கலைந்து கெட்ட கனவு கூடும். தினமும் நிறையக் குடிப்பவர் மட்டும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. வலிப்புவரை போகலாம், டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

பிறகு சிகிச்சை. “கோட்டிக்காரன்னு சொல்லுவாவ” என்ற தயக்கம் நம் பக்கம் பெரிய தடை. முதல் படியை வீட்டிலிருந்தே வைக்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சாகத் தோன்றுகிறது என்றால் தள்ளிப்போடாமல் உடனே இதைத்தான் அழைக்க வேண்டும். நேரில் என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டுப் போடும் இடத்தில் “தூக்கமில்ல, மனநலப் பிரிவுக்குப் போகணும்” என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கூட்டமாக இருந்தால் “தனியாப் பேசணும்” என்று கேட்கலாம். சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் கடமை. “நெஞ்சு படபடப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூக்க மாத்திரையோடு திரும்புவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. அந்த வகை மாத்திரை இந்த நோவைத் தீர்க்காது, பழக்கமும் ஆகிவிடும். செர்ட்ராலின் போன்ற மருந்து சிலருக்கு உதவும். எதுவானாலும் டாக்டர் சொல்லித்தான்.

பேச்சு சிகிச்சையில் என்ன நடக்கும்? பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு முறை சுமார் 12 அமர்வு கொண்டது. சம்பவத்தைத் தோண்டித் தோண்டிச் சொல்லச் சொல்ல மாட்டார்கள். மனதில் சிக்கி நிற்கும் வாக்கியத்தை எடுத்து விசாரிப்பார்கள். உதாரணத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கத்து 36 வயது ஆள் ஒருவரை வைத்துக்கொள்வோம் (கற்பனைதான்). சிக்கிய வாக்கியம்: “நானேதான் திரும்பத் திரும்பப் போனேன்.” ஆலோசகர் கேட்பார்: உங்களை அங்கே அனுப்பியது யார்? அம்மா, தூக்குவாளியில் மோர் கொடுத்து. போகமாட்டேன் என்றால் என்ன ஆகியிருக்கும்? அடி விழுந்திருக்கும், ஏன் என்று கேட்டிருப்பார்கள். செய்த ஆளுக்கு அப்போது வயது? முப்பதுக்கு மேல். நடக்கப்போவது என்ன என்று இருவரில் யாருக்குத் தெரியும்? அடுத்த வாரம் நாலாம் வகுப்பு குரூப் போட்டோவைக் கொண்டுவரச் சொல்வார். முன்வரிசையில் சம்மணம் போட்டு, பித்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு, கை முட்டியில் ஒட்டாமல் ஒரு பொடியன் உட்கார்ந்திருக்கிறான். தன் நினைவில் இத்தனை வருஷமும் வளர்ந்த ஆளாகவே அவனைப் பார்த்துவந்தவருக்கு, அந்த உருவம் எவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் உறைக்கும். வாக்கியம் அன்றைக்கே மாறிவிடாது. “போகச் சொன்னாங்க, போனேன்” என்று கொஞ்சம் நகரும். அழுகை, கோபம் எல்லாம் அதன் பிறகு வரும், அது பின்னடைவு இல்லை. முதல் மூன்று நான்கு அமர்வுகளில் தூக்கம் முன்பைவிடக் கெடலாம் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். நிறையப் பேர் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

புகார் கொடுப்பது கட்டாயமா? மீள்வதற்கு அது நிபந்தனை இல்லை. கொடுக்க விரும்பினால் வழி இருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடந்தவற்றுக்குப் போக்சோ சட்டம், அதில் ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற பேதம் கிடையாது. அதற்கு முன் நடந்ததென்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும். பொருந்தினால், இவ்வளவு வருஷம் ஆயிற்று என்பதற்காக மட்டும் கோர்ட்டு தள்ளிவிடாது, ஆனால் சாட்சி திரட்டுவது கஷ்டம். பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்ற யோசனைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் செய்தவருக்குத்தான் ஆள் அதிகம் இருக்கும்.

ஒன்றைத் தள்ளிப்போட முடியாது. அந்த ஆள் இன்னும் சின்னப் பிள்ளைகளோடு தனியாகப் பழகுகிறாரா என்று நண்பரிடம் கேளுங்கள். பிள்ளைக்கு இப்போது ஆபத்து என்று தெரிந்தால் போலீஸுக்குச் சொல்வது போக்சோ 19-ஆம் பிரிவுப்படி எல்லோருக்கும் கடமை, ஆலோசகருக்கும்தான். குழந்தைகள் உதவி எண் 1098-லும் உதவி கேட்கலாம். பெயரைச் சொல்வதற்கு முன் “இதை நீங்க யாருக்குச் சொல்ல வேண்டிவரும்?” என்று ஆலோசகரிடம் அவர் கேட்டுக்கொள்ளட்டும். மே மாத லீவுக்கு மகனை ஆச்சி வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.