மேல்முறையீட்டு மனுவில் எதை முதலில் எழுதுவது?

அன்புள்ள ஐயா,

வங்கியில் எழுத்தராகப் 19 ஆண்டுகள் பணியாற்றினேன். ஒரு வாடிக்கையாளரின் பணமெடுப்புச் சீட்டில் 800 என்பது 4,800 என்று திருத்தப்பட்டதாகச் சொல்லி, உள்விசாரணை நடத்திப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். புகார் எழுதிய வாடிக்கையாளர் விசாரணைக்கு வரவே இல்லை. 11 பக்கத்தில் மேல்முறையீட்டு மனு எழுதியிருக்கிறேன். அதையும் விசாரணை ஆவணங்களையும் இணைத்துள்ளேன். படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வீர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அனைத்தையும் இரண்டு முறை படித்தேன். சக ஊழியர்களுக்காக உள்விசாரணைகளில் வாதாடிய அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களுக்குச் சாதகமான மிக வலுவான செய்தி உங்கள் மனுவில் இல்லை; விசாரணை நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. மனுவின் முதல் ஏழு பக்கங்கள் மேலாளரின் பகையையும் உங்கள் நேர்மையையும் பேசுகின்றன. மேல்முறையீட்டு அதிகாரி தீர்மானிக்க வேண்டியதோ, விசாரணை அலுவலரின் முடிவுக்குப் பதிவில் சான்று இருக்கிறதா என்பதை.

குற்றச்சாட்டுக் குறிப்பாணையை மீண்டும் பாருங்கள். தொகையில் இருந்த திருத்தத்தைச் சரிபார்க்காமல் பணம் வழங்கினீர்கள் என்பதே அதிலுள்ள குற்றச்சாட்டு, அது கவனக்குறைவு. விசாரணை அறிக்கையின் இறுதிப் பத்தியோ கையாடல் நிரூபணமாகிவிட்டது என்கிறது. சாட்டப்படாத ஒன்றுக்கு நீங்கள் எதிர்வாதம் செய்திருக்க வழியே இல்லை. குறிப்பாணையின் வாசகத்தையும் அறிக்கையின் வாசகத்தையும் அடுத்தடுத்து அப்படியே எடுத்தெழுதி, மனுவை இதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது சான்று. நிர்வாகம் தாக்கல் செய்தவை சீட்டின் நகலும் புகார்க் கடிதமும். விசாரிக்கப்பட்ட ஒரே சாட்சி மேலாளர். சம்பவத்தன்று தாம் விடுப்பில் இருந்ததாகவும், கடிதம் தம் முன்னிலையில் எழுதப்படவில்லை என்றும் குறுக்கு விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அறிக்கையில் இந்தப் பதில்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஓர் ஆவணத்தைத் தாக்கல் செய்வதாலேயே அதன் உள்ளடக்கம் நிரூபணமாகிவிடாது என்று ரூப் சிங் நேகி எதிர் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். அந்தப் பத்தியை இப்படி எழுதலாம்:

“800 ரூபாய் மட்டுமே பெற்றதாகக் கூறும் புகார்க் கடிதத்தின் உண்மையை அதை எழுதியவரோ வேறு எவருமோ சாட்சியமாகக் கூறவில்லை. நிர்வாகத் தரப்பு முதல் சாட்சி, சம்பவத்தன்று தாம் கிளையில் இல்லை என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டுள்ளார். விசாரணை அலுவலர் இதைப் பரிசீலிக்காமலேயே முடிவுக்கு வந்துள்ளார்.”

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘வாடிக்கையாளர் வராததால் விசாரணையே செல்லாது’ என்று நீங்கள் எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள். உள்விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பான விதிகள் பொருந்துவதில்லை. செவிவழிச் சான்றையும் ஓரளவு ஏற்கலாம். ரத்தன் சிங் என்ற பேருந்து நடத்துநரின் வழக்கில் பயணிகள் எவரும் விசாரிக்கப்படவில்லை. ஆயினும் 1977-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிரான முடிவை உறுதிசெய்தது. ஆனால் அங்கே பேருந்தில் ஏறிச் சோதனையிட்ட ஆய்வாளரே வந்து சாட்சி சொன்னார். உங்கள் விசாரணையில் அப்படி நேரில் கண்டவர் ஒருவருமில்லை. இந்த வேறுபாட்டை நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிட்டால், அந்தத் தீர்ப்பை உங்களுக்கு எதிராகக் காட்டுவது கடினமாகும்.

தண்டனைக்கு முன் அறிக்கையின் நகல் தரப்படவில்லை என்ற குறை நியாயமானதே. ஆனால் 1993-இல் வந்த கருணாகர் தீர்ப்பின்படி, அதனால் உங்களுக்கு நேர்ந்த பாதிப்பையும் காட்ட வேண்டும். நகல் கிடைத்திருந்தால், மேலே சொன்ன இரண்டு பிழைகளையும் தண்டனை முடிவாகும் முன்பே சுட்டிக்காட்டியிருப்பேன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மேலாளரின் பகையைப் பற்றிய பக்கங்களை முழுவதும் நீக்கச் சொல்வது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். அவற்றுக்குப் பதிவில் எந்தச் சான்றும் இல்லை. சான்றில்லாமல் முடிவெடுத்தார்கள் என்று முறையிடும் மனுவிலேயே சான்றில்லாத குற்றச்சாட்டு இருந்தால், முறையீடே தளர்ந்துவிடும்.

குடும்ப நிலையும் 19 ஆண்டுப் பணியும் கடைசிப் பக்கத்தில், தண்டனையின் அளவைப் பற்றிய தனிப் பத்தியில் வரட்டும். அங்கே ‘இந்த ஒருமுறை மன்னித்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படும். ‘மேற்கண்ட வாதங்களுக்குப் பாதகமின்றி, ஒருவேளை கவனக்குறைவு என்று கருதப்பட்டாலும், பணிநீக்கம் அதற்கு மிகையான தண்டனை’ என்று மாற்றுங்கள். உங்கள் பணி விதிகள் தரும் கெடு முடியுமுன் மனுவைக் கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்