விழுந்துவிடுவோமோ என்ற பயத்துக்குத் தாய்ச்சி: பாரம் மாற்றுவதில்தான் விஷயம்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. ஒருமுறை விழுந்ததிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைச் செய்தால் காலுக்குப் பலம் வருமா, பயம் போகுமா?

பதில்:

வரும், ஆனால் மாதக்கணக்கில். என் அப்பா சிங்கப்பூரில் பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்தார். அதன்பின் தரையைப் பார்த்தபடி, உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, காலைத் தூக்காமல் தேய்த்து நடந்தார். பயந்தவர்கள் பலரும் இப்படித்தான் நடக்கிறார்கள். விழ வைப்பதும் அந்த நடைதான், ஏனென்றால் தேய்க்கிற கால் சின்ன மேட்டில்கூடத் தட்டும்.

வீட்டுக்குக் கீழே காலையில் தாய்ச்சி செய்யும் குழுவில் சேர்த்துவிட்டோம். முதல் ஒரு மாதம் ஆசிரியர் கைவீச்சு எதையும் சொல்லித் தரவில்லை. அப்பாவுக்கு அதில் ஏமாற்றம்தான். ஒரே ஒரு அடி, அவ்வளவுதான் பாடம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாரம் முழுவதையும் இடது காலுக்குக் கொண்டுபோக வேண்டும். வலது காலை உடம்பு ஆடாமல் தூக்க முடிந்தால்தான் பாரம் உண்மையிலேயே மாறியிருக்கிறது. அப்புறம் வலது குதிகாலை மட்டும் முன்னால் வைக்க வேண்டும், பாரம் இல்லாமல். வைத்த இடம் சரியில்லை என்றால் அப்படியே திரும்ப இழுத்துக்கொள்ளலாம். அதன்பிறகே மெதுவாகப் பாதத்தைப் பதித்து, பாரத்தை மாற்றுவது.

வைத்த அடியைத் திரும்ப எடுக்க முடியும் என்று கால் கற்றுக்கொள்வதுதான் பயத்துக்கு மருந்து என்பது என் எண்ணம். பலம் வருவதும் இதிலேயே: மடங்கிய ஒற்றைக் காலில் சில விநாடி நிற்கும்போது தொடையும் இடுப்பும் நன்றாக வேலை செய்கின்றன. வேகமாகச் செய்தால் அந்த வேலை நடக்காது.

ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை ஒட்டி வைத்து நிற்கச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் பக்கத்திலேயே இருந்து. 10 விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் அதிகம். அப்பா முதலில் 4 விநாடி நின்றார். நான்கு மாதம் கழித்து 10 தாண்டினார்.

அமெரிக்காவின் ஒரேகானில் 70 வயதைத் தாண்டிய, ஏற்கெனவே விழுந்த அல்லது நடமாட்டம் குறைந்த 670 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. வாரம் இரண்டு வகுப்பு, ஆறு மாதம். வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்களிடம் விழுதல் 58 சதவீதம் குறைவு. வாரம் ஒருமுறை போய்வந்தால் இது கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

முழங்கால் வலி வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்று: பாரம் இருக்கும் காலிலேயே பாதத்தைத் திருப்புவது. முதலில் பாரத்தை எடுத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதவிரல் பார்க்கும் திசையிலேயே போகட்டும்.

எழுந்தவுடன் தலைசுற்றல் இருந்தாலோ, சர்க்கரையால் பாதம் மரத்திருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவர் என்றால் குழுவில் விடாதீர்கள். இயன்முறை மருத்துவரிடம் தொடங்கட்டும். வீட்டில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம், சக்கரம் வைத்து நகரும் நாற்காலியைப் பிடித்து வேண்டாம்.

அப்பா இப்போதும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். ஆனால் குனிந்து படியைப் பார்ப்பதில்லை.