முதலில் ரொக்க ஏட்டைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒரு கடையின் மார்ச் 31 பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 2,08,010 ரூபாய் இருக்கிறது, ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியில் 1,84,500 தான். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: வித்தியாசம் 23,510. அந்தத் தொகையை அப்படியே தேடாதீர்கள், கிடைக்காது. பல சின்னத் தொகைகள் கூடியும் கழிந்தும் வந்தது அது.

முதலில் பிப்ரவரி மாதச் சரிக்கட்டும் பட்டியலை எடுங்கள். அப்போது பாஸாகாமல் நின்ற காசோலைகள் மார்ச் ஸ்டேட்மென்ட்டில் வந்திருக்கும். மார்ச் ஏட்டில் அவற்றுக்குப் பதிவு இராது. பழைய பட்டியலோடு டிக் அடித்து ஒதுக்குங்கள். இதை விட்டுவிட்டுத்தான் புதியவர்கள் பாதி நாளைத் தொலைக்கிறார்கள்.

அடுத்து மார்ச் மாதம். ஏட்டின் பற்று, ஸ்டேட்மென்ட்டில் வரவு என்ற பத்தியில் இருக்கும். நம் வரவு அங்கே பற்று. தொகையை மட்டும் பார்த்து டிக் அடிக்காமல் காசோலை எண்ணையும் பாருங்கள். ஒரே தொகைக்கு இரண்டு காசோலை போவது சகஜம்.

டிக் விழாமல் மிஞ்சியவை இவை என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேட்மென்ட்டில் மட்டும் இருப்பவை: ஒரு வாடிக்கையாளர் நேரடியாக நெஃப்டில் போட்ட 8,000, வங்கிக் கட்டணம் 590. இரண்டிலும் இருந்தும் தொகை ஒத்துப்போகாதது ஒரு காசோலை: வங்கி கொடுத்தது 5,400, ஏட்டில் எழுதியது 4,500. வித்தியாசம் 900, ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. அப்படி வந்தாலே இலக்கம் இடம் மாறியிருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

இந்த மூன்றையும் ரொக்க ஏட்டில் பதிய வேண்டும். பட்டியலில் மட்டும் காட்டி விட்டுவிட்டால் ஏடு தவறாகவே நிற்கும். 8,000-ஐ விற்பனையில் போடாமல் அந்த வாடிக்கையாளர் கணக்கில் வரவு வையுங்கள். யார் அனுப்பியது என்று தெரியாவிட்டால் தெரியும்வரை அனாமத்துக் கணக்கில் இருக்கட்டும். 590-ல் 500 கட்டணம், 90 ஜிஎஸ்டி. கடை ஜிஎஸ்டியில் பதிவு பெற்றிருந்தால் 90-ஐத் தனியே காட்டுங்கள், உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியுமா என்று ஆடிட்டர் பார்ப்பார். ஆண்டு முடிவு என்பதால் எல்லாம் மார்ச் 31-க்குள்ளேயே வர வேண்டும்.

1,84,500 + 8,000 − 590 − 900 = 1,91,010. இதுதான் திருத்திய இருப்பு.

இனி பட்டியலில் நேர இடைவெளியால் வந்தவை மட்டுமே வரும். நாம் கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத காசோலைகள் 32,000, அதைக் கூட்டுங்கள். நாம் போட்டு இன்னும் வரவாகாதது 15,000, அதைக் கழியுங்கள். 2,08,010 வந்துவிடும்.

கணக்கு ஒத்துவிட்டதென்று கோப்பை மூடாதீர்கள். அந்த 32,000-ல் உள்ள ஒவ்வொரு காசோலையின் தேதியையும் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியதை வங்கி ஏற்காது. அதை ரத்துசெய்து சப்ளையர் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும். 15,000 ஏப்ரல் முதல் வார ஸ்டேட்மென்ட்டில் வரவானதா என்றும் பாருங்கள். வராமல் காசோலை திரும்பியிருந்தால், கடைக்காரர் வந்துவிட்டதாக நினைக்கும் பணம் இன்னும் வாடிக்கையாளரிடமே நிற்கிறது.