நள்ளிரவு விமானம்: எந்தத் தேதியில் வீட்டைவிட்டுக் கிளம்புவது? கேள்வி பதில்

மேலூர்: அண்ணே, தம்பிக்கு திருச்சியிலிருந்து சிங்கப்பூர் டிக்கெட். 14 நவம்பர் 2026, சனிக்கிழமை, 00:40னு போட்டிருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்து காரெடுத்தா சரியா இருக்கும்ல?

சனிக்கிழமை சாயங்காலம் நீங்க கிளம்பும்போது அந்த விமானம் சிங்கப்பூர்ல இறங்கி பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்பணுங்க.

00:40ன்னா 14ஆம் தேதி பிறந்து நாற்பதாவது நிமிஷம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்க. வெளிநாட்டு விமானத்துக்கு கவுண்டர் வழக்கமா மூணு மணி நேரம் முன்னாடி திறப்பாங்க, அது 13ஆம் தேதி ராத்திரி 9.40. மேலூரிலிருந்து துவரங்குறிச்சி, விராலிமலை வழியா திருச்சி விமான நிலையத்துக்கு ரெண்டு மணி நேரம் வச்சா, 7.40. டோல்கேட்ல நிக்கிறது, டீ குடிக்கிறது, டயர் பஞ்சர்னு ஒரு நாற்பது நிமிஷம் கூடச் சேர்த்தா வெள்ளிக்கிழமை ராத்திரி 7 மணிக்கு வண்டி வாசலை விட்டுக் கிளம்பியிருக்கணும்.

இன்னொண்ணையும் பார்த்துக்கங்க. கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னாடி மூடுவாங்க, சில நிறுவனத்துல 75 நிமிஷம். அப்படின்னா கவுண்டர் மூடுறதும் 13ஆம் தேதி ராத்திரி 11.40க்குள்ளதான். பெட்டி போடுறது, இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை எல்லாமே வெள்ளிக்கிழமை கணக்குல முடிஞ்சிடும். சனிக்கிழமைன்னு சொல்லிக்க அந்த விமானம் ஓடுபாதையில ஓடுறது மட்டும்தான்.

உசிலம்பட்டி: இதுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு? நடுராத்திரி தாண்டின விமானம்னா டிக்கெட்ல இருக்கிற தேதிக்கு முதல் நாள் போயிடணும். நாங்க எப்பவும் இப்படித்தான் சொல்லிக் குடுப்போம்.

00:40க்கு அது பொருந்தும். 04:15க்கு அப்படியே சொன்னீங்கன்னா ஆளைக் குழப்பிடுவீங்க.

14ஆம் தேதி 04:15க்கு சென்னையில விமானம்னு வைங்க. கவுண்டர் திறக்கிறது 14ஆம் தேதி 01:15. உசிலம்பட்டியிலிருந்து காரில போறவருக்கு 13ஆம் தேதி மத்தியானமே கிளம்ப வேண்டியிருக்கும், அதுல உங்க பேச்சு சரி. ஆனா ஏற்கெனவே குரோம்பேட்டையில சொந்தக்காரர் வீட்ல தங்கியிருக்கிறவர்கிட்ட "முதல் நாள் போயிடு"ன்னா, அவர் 13ஆம் தேதி ராத்திரி ஒண்ணேகாலுக்குப் போய் நிப்பாரு. அதாவது ஒரு நாள் முழுசா முன்னாடி. வாசல்ல சிஐஎஸ்எஃப்காரர் டிக்கெட்டைப் பார்த்துட்டு "நாளைக்கு வாங்க"ம்பாரு.

அதனால ரெண்டு தேதியைத் தனித்தனியா எழுதிக்கங்க: வீட்டைவிட்டுக் கிளம்புற தேதி, கவுண்டர்ல நிக்கிற தேதி. மூணு மணி நேரக் கணக்குல, 00:00 முதல் 02:59 வரைக்கும் உள்ள விமானத்துக்குத்தான் கவுண்டர் முந்தின தேதியில திறக்கும். 03:00லிருந்து கவுண்டர் தேதியும் டிக்கெட் தேதியும் ஒண்ணுதான். கிளம்புற தேதி உங்க ஊர் எவ்வளவு தூரமோ அதைப் பொறுத்தது.

ஆனையூர்: எனக்கு 14ஆம் தேதி சனிக்கிழமை காலை 05:30 சென்னை–துபாய். வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன்ல ஏறினா விடியக்காலம் இறங்கிடுவேன். டிக்கெட் எடுத்துடவா சார்?

எடுக்காதீங்க. பாண்டியன் எழும்பூர் வந்து சேரவே காலை 5 மணிக்கு மேல ஆகும். உங்க கவுண்டர் 4.30க்கோ அதுக்கு முன்னாடியோ மூடிடும். தாம்பரத்துல இறங்கினாலும் எட்டாது. ராத்திரி ரயில், விடியக்கால விமானம்னு சேர்த்து யோசிக்கும்போது தேதி பொருந்துற மாதிரியே தெரியும், நேரம் பொருந்தாது.

உங்களுக்கு வெள்ளிக்கிழமை காலையில மதுரையில கிளம்புற வைகைதான் சரி. பிற்பகல் சென்னைக்கு வந்துடும், சாயங்காலம் ஓய்வெடுத்துட்டு ராத்திரி 2.30க்குக் கவுண்டருக்குப் போகலாம். மெட்ரோவை நம்பாதீங்க, ராத்திரி 11 மணியை ஒட்டி நின்னுட்டா மறுபடி விடியக்காலம்தான் ஓடும். வண்டி முன்பதிவு செய்யும்போது ஆப்ல 14ஆம் தேதி 1:45 AMன்னு போடணும். 13ன்னு போட்டா பழைய நேரம்னு ஏத்துக்காது, இல்லேன்னா முந்தின ராத்திரியே வண்டி வந்து நிக்கும். லாட்ஜ்ல தங்குறதா இருந்தா அறைக்கு மட்டும் தேதி 13. வெள்ளிக்கிழமை ராத்திரிக்குத்தானே படுக்கை வேணும்.

திருமங்கலம்: ஏஜென்ட் போன்ல "வெள்ளிக்கிழமை ராத்திரி 12.40"ன்னாரு. டிக்கெட் பிடிஎஃப்ல சனிக்கிழமைன்னு இருக்கு. யார் சொல்றது சரி?

ரெண்டு பேரும் ஒரே ராத்திரியைச் சொல்ல வாய்ப்பு அதிகம், ஆனா ஊகத்துல விடாதீங்க. நமக்கு நாள் விடிஞ்சாத்தான் மாறுது. காலண்டர் தாளைக் காலையிலதான் கிழிக்கிறோம், பஞ்சாங்கத்துக்கும் சூரிய உதயம்தான் கணக்கு. அதனால ராத்திரி ஒரு மணியை வெள்ளிக்கிழமைன்னு சொல்றது ஊர் வழக்கம். விமானக் கம்பெனிக்கு 00:00 ஆனதும் சனிக்கிழமை.

ஏஜென்ட்கிட்ட "வெள்ளியா சனியா"ன்னு கேட்டா மறுபடி குழப்பம்தான். "13க்கும் 14க்கும் நடுவுல வர்ற ராத்திரியா, 14க்கும் 15க்கும் நடுவுல வர்ற ராத்திரியா?"ன்னு கேளுங்க. இதுக்கு ரெண்டு விதமாப் பதில் சொல்ல முடியாது. பிடிஎஃப்ல 24 மணி நேரக் கணக்குல 00:40 இருக்கான்னும் பாருங்க. 12:40 PMன்னு இருந்தா அது மத்தியானம், கதையே வேற.

சிவகங்கை: எங்களுக்கு 00:20 விமானம். இப்ப 23:55ன்னு மாத்தி மெசேஜ் வந்திருக்கு. இருபத்தஞ்சு நிமிஷம்தானே, விட்டுடலாமா?

விடாதீங்க. மெசேஜ்ல தேதியைப் படிங்க. 14ஆம் தேதி 00:20 விமானம் இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி வந்தா அது 13ஆம் தேதி 23:55. அதுக்கு கவுண்டர் 8.55க்குத் திறந்து 10.55க்கெல்லாம் மூடிடும். நிமிஷத்தை மட்டும் பார்த்துட்டு "14ஆம் தேதி ராத்திரி 11.55"ன்னு எடுத்துக்கிட்டா ஒரு நாள் போச்சு.

அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் விமான நேர அட்டவணை மாறும். 2026ல அது அக்டோபர் 25. ஆடி, ஆவணியில எடுத்த நவம்பர் டிக்கெட்ல இப்படி நேரம் நகர்றது சகஜம். ஏஜென்ட் தன்னோட நம்பரையோ மெயிலையோ குடுத்திருந்தா மெசேஜ் உங்களுக்கு வரவே வராது. பிஎன்ஆரைப் போட்டு விமானக் கம்பெனி தளத்துல அக்டோபர் கடைசியில ஒரு தடவையும், கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு தடவையும் நீங்களே பார்த்துடுங்க.

சிவகங்கை (மறுபடியும்): அண்ணனோட பழைய போர்டிங் பாஸ்ல தேதி 14NOV, ஏறுற நேரம் 23:55ன்னு இருந்துச்சு. 14ஆம் தேதி 23:55ன்னுதானே அர்த்தம்?

இல்லைங்க. பாஸ்ல அச்சாகிற தேதி விமானம் கிளம்புற தேதி. ஏறுற நேரம் அதுக்கு முக்கால் மணி நேரம் முந்தினது, அதனால அது 13ஆம் தேதியில விழுந்திருக்கு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதால ஒரே நாள்னு கண்ணு எடுத்துக்கும். கிளம்புற நேரம் 00:40ன்னு அதே பாஸ்ல இருக்கும், அதோட சேர்த்துப் படிங்க.

விருதுநகர்: என் கேள்வி வேற. மாமா கோலாலம்பூர்லேருந்து 20ஆம் தேதி 23:30க்கு ஏறுறாரு. கூட்டிட்டு வர 20ஆம் தேதி ராத்திரி திருச்சிக்குக் கார் சொல்லியாச்சு, சரியா?

காரை 20ஆம் தேதி ராத்திரி அனுப்புறது சரி, ஆனா அவர் இறங்குறது 21ஆம் தேதி. பயணம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மலேசியா நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அதனால நம்ம ஊர் மணி 00:50 போல இறங்குவாரு. டிக்கெட்ல இறங்குற நேரத்துக்குப் பக்கத்துல +1ன்னு இருக்கும், அது இதுதான். பெட்டி எடுத்து வெளிய வரும்போது ராத்திரி மணி 1.45 ஆவது ஆகியிருக்கும், டிரைவரை அதுக்கேத்த மாதிரி வரச் சொல்லுங்க.

திண்டுக்கல்: எங்களுக்கு நடந்தே போச்சு. ஒரு நாள் தள்ளிப் போய் நின்னோம். ரிட்டர்ன் டிக்கெட்டாவது மிஞ்சுமா?

போறதும் வர்றதும் ஒரே பிஎன்ஆர்ல இருந்தா மிஞ்சாமப் போக வாய்ப்பு அதிகம். முதல் பயணத்துக்கு வரலைன்னா நோ-ஷோன்னு குறிச்சு, மீதிப் பயணங்களையும் கம்பெனி ரத்து பண்ணிடும். புது டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி போன் பண்ணி, ரிட்டர்னை உயிரோட வைக்க முடியுமான்னு கேளுங்க. கட்டணம் கட்டி மாத்தித் தர்றவங்களும் உண்டு. தனித்தனி பிஎன்ஆர்னா ரிட்டர்ன் பத்திரம். போன டிக்கெட்டோட அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் வராது. ஆனா விமான நிலையக் கட்டணம் மாதிரி, பயணம் செய்யாதவங்ககிட்ட வசூலிக்கக் கூடாத வரிகளைத் திருப்பித் தரணும்னு விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏவோட விதி இருக்கு. எழுதிக் கேட்டு வாங்குங்க.

ஒத்தக்கடை: வளைகுடாவுல இருக்கேன். விசா 14ஆம் தேதி முடியுது. மதுரை வர 15ஆம் தேதி 00:30 விமானம்தான் மலிவா கிடைக்குது. இமிகிரேஷனை 14ஆம் தேதி ராத்திரியே தாண்டிடலாம்ல?

தாண்டலாம், முத்திரை 14ன்னு விழவும் செய்யும், வரிசை நகர்ந்தா. வரிசை நீண்டாலோ, கவுண்டர் தாமதமாத் திறந்தாலோ, விமானம் தள்ளிப் போய் உங்களைத் திருப்பி வெளிய அனுப்பினாலோ 12 மணி தாண்டிடும், கூடுதலா தங்கினதுக்கு அபராதம் வரும்.

உசிலம்பட்டி: என் மச்சான் அப்படித்தான் வந்தாரு. யாரும் ஒண்ணும் கேட்கலை.

அவர் எத்தனை மணிக்கு இமிகிரேஷன் தாண்டினாருன்னு கேட்டுப் பாருங்க. ஒத்தக்கடைக்காரரே, ஒவ்வொரு நாட்டுலயும் சலுகை நாள் விதி வேற, உங்க விசா வகைக்கு அது உண்டான்னு விசா எடுத்துக் குடுத்தவங்ககிட்ட எழுத்துல வாங்குங்க. வாங்க முடியலைன்னா 14ஆம் தேதி பகல் விமானத்தோட விலையைப் பார்த்துடுங்க.